பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடுகிறது

குறும்படம் எடுக்கக் கிளம்பும் இளைஞர்களில் பலர் முதலில் யோசிப்பது ஒரே அறையில் நடக்கும் கதையைத்தான். செலவு குறைவு, அனுமதி வாங்கும் தொல்லை இல்லை, நண்பன் வீட்டு அறையே போதும். அடுத்த யோசனையும் அநேகமாக ஒன்றுதான்: கரண்ட் போகட்டும், மெழுகுவர்த்தி ஏற்றுவோம், பயம் தானாக வரும். அங்கேதான் சறுக்குகிறது. எடுத்து முடித்ததும் இருட்டு இருக்கும், மெழுகுவர்த்தி இருக்கும், சுவரில் நிழல் ஆடும். பதற்றம் மட்டும் இருக்காது.

காரணம் கேமராவில் இல்லை. எழுதும்போதே மெழுகுவர்த்திக்கு வேலை கொடுக்கப்படவில்லை. யாராவது ஒரு ஸ்விட்சைத் தட்டி டியூப்லைட்டைப் போட்டால் கதையில் எதுவும் மாறாது என்றால், மெழுகுவர்த்தி வெறும் அலங்காரம்.

அதற்கு வேலை கொடுத்தவர்களைப் பார்க்கலாம். பேட்ரிக் ஹாமில்டன் 1938-இல் லண்டன் மேடைக்கு எழுதிய ‘கேஸ் லைட்’ நாடகத்தில் இரவுதோறும் வீட்டு விளக்குகள் மங்குகின்றன. மனைவிக்கு அது தெரிகிறது. தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைக்கிறாள். உண்மையில் வெளியே போனதாகச் சொன்ன கணவன் மேல்மாடியில் ஒரு விளக்கை ஏற்றியிருக்கிறான். அக்காலத்து விளக்குகள் குழாய் வழி எரிவாயுவில் எரிந்தவை. ஒரு விளக்கைக் கூடுதலாக ஏற்றினால் மற்றவற்றுக்குப் போகும் வாயு குறையும். ஆக, வெளிச்சம் மங்குவதே அந்த வீட்டில் இன்னொருவர் இருப்பதற்குச் சாட்சி. ஒருவரை அவருடைய புத்தியையே சந்தேகிக்க வைக்கும் கொடுமைக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரே இந்த நாடகத்திலிருந்து வந்ததுதான்.

ஜும்பா லஹிரியின் ‘எ டெம்பரரி மேட்டர்’ சிறுகதையில் அமெரிக்காவில் வாழும் ஒரு வங்காளித் தம்பதி இருக்கிறார்கள். பழுது பார்ப்பதற்காக ஐந்து நாள், தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு மணி நேரம் மின்சாரம் நிற்கும் என்று அறிவிப்பு வருகிறது. குழந்தையை இழந்த பிறகு பேச்சே அற்றுப்போன இருவரும் மெழுகுவர்த்தி ஒளியில் ஒருவருக்கொருவர் சொல்லாமல் மறைத்தவற்றைச் சொல்லத் தொடங்குகிறார்கள். கடைசி இரவில் மின்சாரம் திரும்பிவிட்டது. ஆனாலும் மெழுகுவர்த்தியை வைத்தே சாப்பிடுகிறார்கள். அவள் தன் பெரிய செய்தியைச் சொல்லும் முன் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு மின்விளக்கைப் போடுகிறாள். இருட்டு எதற்கு, வெளிச்சம் எதற்கு என்பதை அந்தப் பாத்திரமே தீர்மானிக்கிறது. ஒரு பேய் இல்லை, ஒரு கொலை இல்லை. படிப்பவருக்கு நெஞ்சு அடைக்கிறது.

இந்த இரண்டிலிருந்தும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம்: இந்த இருட்டு யாருக்குத் தேவை? அதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் பாதித் திரைக்கதை எழுதியாயிற்று. மீதியை ஓர் உதாரணக் கதையை வைத்தே பார்ப்போம்.

2012-ஆம் ஆண்டு, விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. அப்போது தமிழகத்தின் பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது. பல ஊர்களில் ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். எட்டு மணிக்குப் போனால் ஒன்பதுக்கு வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இது எழுதுபவருக்குக் கிடைத்த வரம். எப்போது வரும் என்றே தெரியாத மின்சாரத்துக்குக் காத்திருப்பதில் சலிப்புதான் இருக்கும். ஒன்பது மணிக்கு வந்துவிடும் என்று தெரிந்தால், அதற்குள் முடித்தாக வேண்டிய காரியம் ஒன்று ஒருவருக்கு இருக்கலாம்.

அறையில் மூன்று பேர். அண்ணன், தம்பி, கட்டிலில் படுத்திருக்கும் அம்மா. அம்மாவுக்குப் பார்வை மங்கிப் பல வருடம் ஆகிறது. அப்பா இறந்து ஒரு மாதம். ஊர்க்கோடிப் புஞ்சையைத் தம்பி விட்டுக்கொடுப்பதாகப் பேச்சு. அதற்கு விடுதலைப் பத்திரம் தயார். நாளைக் காலை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. அங்கே கூட்டமாக இருக்கும், இப்போதே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்தைப் போட்டு வைத்துவிடலாம் என்கிறான் அண்ணன். நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் சொத்து விவரம். அதில் புஞ்சையோடு அவர்கள் உட்கார்ந்திருக்கும் அந்த வீடும் சேர்ந்திருக்கிறது. தம்பிக்கு அது தெரியாது. இருட்டு யாருக்குத் தேவை என்பது இப்போது தெளிவு.

இனி வெளிச்சத்தின் கணக்கு. ஒரு சாதாரண மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ ஒரு லக்ஸ் வெளிச்சம் தரும். அலுவலக மேசையில் படிக்க, எழுத 300 முதல் 500 லக்ஸ் வரை வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும், இரட்டித்தால் கால்வாசியாகிவிடும். ஓர் அடி தூரத்தில் பத்து, பதினொரு லக்ஸ் கிடைக்கும். கண்ணை இடுக்கிக்கொண்டு பத்திரத்தைப் படித்துவிடலாம். மூன்றரை அடி தள்ளிவைத்தால் தாள் இருப்பது தெரியும், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் தெரியும், என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது.

இந்தப் பௌதிகத்துக்குள்தான் நாடகம் ஒளிந்திருக்கிறது. மெழுகுவர்த்தி யார் கைக்கு எட்டுகிறதோ அவர் கையில்தான் காட்சி. முதலில் அது அண்ணன் பக்கத்தில் இருக்கிறது. தம்பி கொஞ்சம் இழுத்து வைக்கிறான். ‘தாள்ல மெழுகு சொட்டிரும்டா’ என்று அண்ணன் அதை மீண்டும் தள்ளி வைக்கிறான். வசனத்தில் சண்டை எதுவும் இல்லை. மேசை மேல் ஒரு சாண் தூரத்துக்கு நடக்கும் இழுபறியைப் பார்ப்பவர் கவனிக்கத் தொடங்கிவிட்டால், அடுத்த முறை அண்ணன் கை நீளும்போதே மனசு பதறும்.

அடுத்தது மெழுகுவர்த்தி என்கிற கடிகாரம். மெழுகுவர்த்தி குறைவதைக் காட்டி நேரம் போவதை உணர்த்தலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் வீட்டில் வாங்கும் சாதாரண மெழுகுவர்த்தி ஒரு மணி நேரத்தில் சுமார் ஓர் அங்குலம்தான் குறையும். பத்து நிமிடப் படத்தில் புது மெழுகுவர்த்தியை ஏற்றினால் கடைசிவரை அப்படியே நிற்கும். அதனால் கதை தொடங்கும்போதே அது துண்டாக இருக்க வேண்டும். எட்டு மணிக்கு அம்மா அலமாரியில் தடவி எடுத்துக் கொடுப்பது நேற்று மிச்சமான துண்டு, இரண்டு விரல்கடை உயரம். எட்டு ஐம்பதுக்கு அது அரை விரல்கடை. துண்டு முடியும் தறுவாயில் உருகிய மெழுகு குளமாகத் தேங்கும், திரி சாயும், சுடர் சிறுத்துத் துடிக்கும். அந்தத் துடிப்பை யாரும் நடிக்கத் தேவையில்லை.

சுடர் ஆடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மின்விசிறி நின்றுபோன, ஜன்னல் சாத்திய அறையில் சுடர் ஆடாது. ஊசிபோல நிமிர்ந்து நிற்கும். படங்களில் காரணமே இல்லாமல் சுவரெல்லாம் நிழல் கூத்தாடுவது பார்ப்பவரை மரத்துப்போக வைக்கிறது. முதல் ஐந்து நிமிடம் சுடரை அசையாமல் வைத்திருந்து, பிறகு ஒரே ஒரு முறை அது ஒருபக்கம் சாய்ந்தால், கதவு திறந்துவிட்டது என்று யாரும் சொல்லாமலே புரியும். எழுத்தில் அதைத் தனி வரியாகவே போட வேண்டும்: ‘சுடர் இடப்பக்கம் சாய்கிறது.’ அவ்வளவு போதும்.

உதாரணக் கதையில் அந்த வரி எட்டு ஐம்பத்தைந்துக்கு வருகிறது. தம்பி இரண்டு பக்கம் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்றாம் பக்கத்தில் கண்ணைத் தேய்த்துக்கொள்கிறான். கரண்ட் வந்ததும் நிதானமாகப் படித்துப் போடுகிறேன் என்கிறான். அண்ணன் எழுந்து வெளியே போகிறான். சுடர் சாய்கிறது, நிமிர்கிறது. திரும்பி வருகிறான், மறுபடி சாய்கிறது. இப்போது அவன் சட்டைப் பையில் ஏதோ கனமாகத் தொங்குகிறது. உட்காரும்போது சாவிக்கொத்தில் பட்டுப் பீங்கான் சத்தம் கேட்கிறது. திண்ணையில் மீட்டர் பெட்டி இருப்பது முதல் பக்கத்திலேயே சொல்லப்பட்டிருந்தால், பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் புரிந்துவிடும். அவன் பியூஸ் கட்டையைப் பிடுங்கி வந்திருக்கிறான்.

பார்ப்பவருக்கு இதை முன்கூட்டிச் சொல்லலாமா, கடைசியில் உடைக்கலாமா? மேசைக்கு அடியில் குண்டு இருப்பதை முதலிலேயே காட்டிவிடு என்பதுதான் ஹிட்ச்காக் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம். திடீரென்று வெடித்தால் சில நொடி அதிர்ச்சி; இருப்பது தெரிந்து வெடிக்காமல் இருந்தால் பல நிமிடப் பதைப்பு. இந்தக் கதைக்கு அதுதான் சரி. ஒன்பது மணிக்கு மின்சாரம் வரப்போகிறது, இந்த வீட்டுக்கு மட்டும் வராது, தம்பிக்குத் தெரியாது. மேசை மேல் பேனா திறந்திருக்கிறது.

மின்வெட்டைப் பற்றி எழுதுபவர்கள் மறந்துவிடுவது சத்தத்தை. மின்சாரம் போவது கண்ணுக்குத் தெரிவது போலவே காதுக்கும் தெரியும். மின்விசிறியின் கிர்கிர் நிற்கும். பிரிட்ஜின் முனகல் ஓயும். பக்கத்து வீட்டு டி.வி. பாதிச் சொல்லில் அறுந்துபோகும். அதுவரை கேட்காதவை கேட்க ஆரம்பிக்கும்: பல்லி, கொசு, அம்மாவின் மூச்சு. உதாரணக் கதையின் முதல் பக்கத்தில் எட்டு மணிக்கு நடப்பதைக் கவனமாக எழுத வேண்டும். பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே மின்விசிறி நிற்கும் அதே நொடியில் அந்த மோட்டாரும் நிற்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பார்ப்பவர் கேட்டுவிட்டு மறந்துவிட வேண்டும்.

இப்போது ஒன்பது மணி. திரைக்கதையின் அந்தப் பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்.

உள்ளே – அறை – இரவு

தூரத்தில் பிள்ளைகள் ‘ஓ’வென்று கத்தும் சத்தம். தம்பி தலை நிமிர்கிறான்.

தம்பி: கரண்ட் வந்துருச்சு போலண்ணே.

அண்ணன்: மேலத்தெருவுக்கு வந்திருக்கும். அது வேற பேஸ். நமக்கு இன்னும் அரை மணி ஆகும். நீ போடு.

தம்பி மின்விசிறியைப் பார்க்கிறான். அது அசையவில்லை. பேனாவை எடுக்கிறான். சுடர் சிறுத்திருக்கிறது.

கட்டிலில் அம்மா திரும்பிப் படுக்கும் சத்தம்.

அம்மா: பெரியவனே.

அண்ணன்: தூங்கும்மா.

அம்மா: பக்கத்து வீட்டுல மோட்டார் ஓடுதுப்பா.

யாரும் பேசவில்லை. சாத்திய ஜன்னலுக்கு வெளியே, மெலிதாக, மோட்டார் சத்தம்.

ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு மின்சாரம் இருந்து அடுத்த வீட்டுக்கு இல்லாமல் போவது ஊரில் சகஜம். மூன்று பேஸில் ஒன்று மட்டும் வருவதுண்டு. அதனால்தான் அண்ணனின் பொய் நிற்கிறது. ஆனால் இந்த இரண்டு வீடும் ஒன்றாக அணைந்தவை. எட்டு மணிக்கு விதைத்த சத்தம் ஒன்பது மணிக்கு முளைக்கிறது.

அம்மாவுக்குப் பார்வை மங்கியது அனுதாபத்துக்காக அல்ல. இருட்டில் மற்ற இருவரும் தடுமாறும்போது அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. இந்த உத்தியை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தது ‘வெயிட் அன்டில் டார்க்’. பிரெடரிக் நாட் எழுதிய நாடகம். 1967-இல் ஆட்ரி ஹெப்பர்ன் நடித்துப் படமானது. பெரும்பகுதி ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. பார்வையற்ற பெண், தன்னைக் கொல்ல வருபவனுக்கு முன்பாக வீட்டு பல்புகளையெல்லாம் உடைத்துவைக்கிறாள். இருட்டில் அவளுக்கே பலம். ஒரு விளக்கை மட்டும் மறந்துவிடுகிறாள்: பிரிட்ஜுக்குள் எரியும் விளக்கு. அவன் அதன் கதவைத் திறக்கிறான். கடைசி எட்டு நிமிடத்தில் அரங்கின் விளக்குகளையும் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குக் குறைக்கும்படி தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார்கள். நம்மூரில் கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’ (2012) மின்சாரம் போன பங்களாவில் விஜய் சேதுபதியை ஒரு டார்ச்சோடு விட்டுப் பயமுறுத்தியதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வித்தைதான்: எவ்வளவு தெரிகிறது என்பதைவிட, தெரியும் வட்டம் யார் கையில் என்பதே முக்கியம்.

டார்ச் என்றதும் செல்போன் ஞாபகம் வரும். இன்றைய பார்வையாளர் முதல் நிமிடமே கேட்கும் கேள்வி, ‘போன் லைட்டைப் போட வேண்டியதுதானே?’ இன்வெர்ட்டர் எங்கே என்பது அடுத்த கேள்வி. இவற்றுக்கு விடை எழுதாமல் நழுவக் கூடாது. 2012-இல் சிற்றூர் வீடுகள் பலவற்றில் இன்வெர்ட்டர் கிடையாது. டார்ச் உள்ள சாதாரண போன் இருந்தது. ஆகவே தம்பி அதை எடுக்கட்டும், போடட்டும், வெள்ளை வெளிச்சம் தாளில் விழட்டும், இரண்டு வரி படிக்கும்போது சார்ஜ் தீர்ந்து அணையட்டும். பகலெல்லாம் கரண்ட் இல்லாத ஊரில் இதை யாரும் செயற்கை என்று சொல்ல மாட்டார்கள். தொல்லையாகத் தெரிந்த பொருளே பதற்றத்தை ஒரு படி ஏற்றிவிடுகிறது.

எழுதியதை எடுக்க முடியுமா என்பதும் எழுதுபவரின் கவலைதான். ஸ்டான்லி குப்ரிக் ‘பாரி லிண்டன்’ (1975) படத்தில் மெழுகுவர்த்தியை மட்டுமே வைத்துச் சில காட்சிகளை எடுக்க விரும்பியபோது, சைஸ் நிறுவனம் நாசாவின் நிலவுப் பயணத் திட்டத்துக்காகச் செய்த 50 மி.மீ. f/0.7 லென்ஸைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட். அந்த லென்ஸில் போகஸ் ஆகும் ஆழம் மிகமிகக் குறைவு. நடிகர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே முகம் கலங்கிவிடும். அந்தக் காட்சிகளில் எல்லோரும் ஓவியம்போல அசையாமல் உட்கார்ந்திருப்பதில் லென்ஸுக்கும் பங்கு உண்டு.

இன்று f/1.8 லென்ஸும், ஐ.எஸ்.ஓ. 3200 வைத்தாலும் புள்ளி தட்டாத ஒரு கேமராவும் போதும். ஆனால் அதற்கும் முகத்தில் பத்துப் பன்னிரண்டு லக்ஸாவது விழ வேண்டும். ஒற்றை மெழுகுவர்த்தி என்றால் முகம் ஓர் அடிக்குள் இருக்க வேண்டும். ஒன்றரை அடிக்கு மேல் என்றால், படத்தில் தெரியும் மெழுகுவர்த்தியோடு, செம்புக்கும் புத்தக அடுக்குக்கும் பின்னால் இன்னும் இரண்டை மறைத்து ஏற்றுவார்கள். ஆகவே ‘அண்ணன் அறை மூலையிலிருந்து முறைக்கிறான்’ என்று எழுதினால் அந்த முறைப்பு யாருக்கும் தெரியாது. முறைக்க வேண்டுமானால் அவன் வெளிச்சத்துக்குள் குனிந்து வர வேண்டும். மூலையில் இருப்பவருக்குக் குரல் மட்டும்தான் உண்டு; அம்மாவைக் கட்டிலோடு மூலையில் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேமராவில் வெண்மைச் சமன்பாட்டைத் தானியங்கியில் விட்டால் அது மஞ்சளை நீக்கப் பார்க்கும். 3200 கெல்வின் அளவில் நிறுத்திவைத்தால் சுடரின் சிவந்த மஞ்சள் தங்கும். இன்னொன்று, மெழுகுவர்த்தியின் உயரம். பத்து நிமிடப் படத்தை இரண்டு இரவு எடுப்பார்கள். ஒரு ஷாட்டில் அரை விரல்கடை, அடுத்த ஷாட்டில் ஒரு விரல்கடை என்று மெழுகுவர்த்தி வளர்ந்தால் அதுவரை கட்டிய பதற்றம் அத்தனையும் சிரிப்பாகிவிடும். திரைக்கதையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் உயரத்தைக் குறித்துவிட்டு, அந்தந்த உயரத்தில் வெட்டிய துண்டுகளைப் பெட்டியில் போட்டு எண் எழுதிவைப்பது உதவி இயக்குநரின் வேலை. ஒரு வாளி மணலும் பக்கத்தில் இருக்கட்டும்.

இனி முடிவு. மோட்டார் சத்தத்துக்குப் பிறகு தம்பி எதுவும் கேட்பதில்லை. முதல் முறையாக மெழுகுவர்த்தியைத் தன் கையில் எடுக்கிறான். தாளை நோக்கிக் கொண்டுபோவான் என்று நினைப்போம். அண்ணனின் சட்டைப் பை அருகே கொண்டுபோகிறான். துணிக்குள் பியூஸ் கட்டையின் வெள்ளை தெரிகிறது. ‘குடுண்ணே’ என்கிறான். அண்ணன் எடுத்துக் கொடுக்கிறான். தம்பி மெழுகுவர்த்தியோடு திண்ணைக்குப் போகிறான்.

வெளிச்சமும் அவனோடு போய்விடுகிறது. கேமரா அறையிலேயே நிற்கிறது. திரை முழுக்கக் கறுப்பு. அண்ணன், அம்மா, மேசை மேல் பத்திரம். பத்து நொடி. கட்டில் கிறீச்சிடும் சத்தம். பிறகு தாள் சரசரக்கும் சத்தம். யார் கை என்று தெரியாது. பார்ப்பவருக்குக் கேட்கும், அவ்வளவுதான். இந்தப் பத்து நொடிக்காகத்தான் முந்தைய ஒன்பது பக்கமும்.

வெளியே பியூஸ் கட்டை அழுந்தும் ‘டக்’. டியூப்லைட் ஒரு முறை சிமிட்டுகிறது: அண்ணன் மேசையை நோக்கிக் கை நீட்டி நிற்கிறான். மறுபடி கறுப்பு. இரண்டாம் சிமிட்டல்: மேசை வெறுமையாக இருக்கிறது. மூன்றாவது முறை நிலைத்து எரிகிறது: அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார், பத்திரம் அவர் மடியில், நான்காக மடித்து. மின்விசிறி மெல்லச் சுற்றத் தொடங்குகிறது. படம் முடிகிறது.

இந்த முடிவை எடுக்க நினைப்பவருக்கு ஒரு சிக்கல் உண்டு. இன்று கடைகளில் விற்கும் எல்.இ.டி. டியூப் சிமிட்டாது, தட்டியதும் எரிந்துவிடும். சிமிட்டுவது சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்த பழைய பட்டிதான். படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பே யாராவது தெரிந்த எலக்ட்ரீஷியனிடமோ பழைய சாமான் கடையிலோ சொல்லி வைத்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.